இழப்பீடு கிடைக்கும், லாபம் கிடைக்காது: 1883-இல் வந்த ஒரு தீர்ப்பு

பேங்கில் வீட்டுக் கடன் பிரிவில் இருப்பதால் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "சார், ஒரே வீட்டுக்கு ரெண்டு கம்பெனில பாலிசி எடுத்தா ரெண்டு பக்கமும் பணம் வருமா?" வராது. ஏன் வராது என்பதைப் புரிந்துகொள்ள இங்கிலாந்தின் பழைய வழக்கு ஒன்றைப் பார்த்தாலே போதும். பெயர் காஸ்டெலைன் எதிர் பிரெஸ்டன்.

பிரெஸ்டன் தரப்பினருக்கு லிவர்பூலில் ஒரு கட்டடம் இருந்தது. தீ விபத்துக்கு இன்சூரன்ஸும் எடுத்திருந்தார்கள். 1878 ஜூலையில் அதை 3,100 பவுண்டுக்கு விற்க ஒப்பந்தம் போட்டார்கள். கிரயம் முடியும் முன்பே, ஆகஸ்ட்டில், கட்டடத்தில் தீப்பிடித்தது. விற்பனை ஒப்பந்தம் இருப்பது தெரியாமல் கம்பெனி 330 பவுண்டு கொடுத்துவிட்டது.

வாங்கியவர் அந்த 330 தனக்குத்தான் சேர வேண்டும் என்று கோர்ட்டுக்குப் போனார். பாலிசி அவர் பெயரில் இல்லை என்பதால் 1881-இல் தோற்றார். அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி ஒப்பந்தம் போட்டதுமே சேதத்தின் பொறுப்பு வாங்குபவர் தலையில் விழும். அதனால் முழு விலையையும் அவரே கட்ட வேண்டியதாயிற்று.

இப்போது கணக்கைப் பாருங்கள். விற்றவர் கையில் 3,100, கூடவே 330. தீப்பிடிக்காமல் இருந்திருந்தால் 3,100 மட்டும்தான்! கம்பெனி வழக்குப் போட்டது. கீழ்க் கோர்ட் மறுத்தது. ஆனால் 1883-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 330-ஐத் திருப்பித் தரச் சொல்லிவிட்டது. நஷ்டத்தை ஈடு கட்டுவதுதான் இன்சூரன்ஸ். அந்த நஷ்டம் வேறு வழியில் தீர்ந்துவிட்டால், வாங்கிய பணத்தை வைத்துக்கொள்ள உரிமையில்லை என்பதே சாரம். சேதத்துக்காக வாங்கியவர் 330 குறைத்து 2,770 மட்டும் கொடுத்திருந்தால், இன்சூரன்ஸ் பணம் விற்றவரிடமே இருந்திருக்கும்.

இவ்வளவு கறார் எதற்கு? நிற்கிற வீட்டைவிட எரிந்த வீடு அதிகம் தரும் என்றால், சிலருக்குத் தீக்குச்சி உரசும் ஆசை வந்துவிடும். தனக்குச் சம்பந்தமே இல்லாத கப்பல்கள் மீது பாலிசி எடுப்பதை பிரிட்டன் 1745-லேயே தடை செய்ததற்கும் இந்த பயம்தான் காரணம்.

சரி, நம் கேள்விக்கு வருவோம். ஒரு வீட்டுக்கு இரண்டு கம்பெனியில் தலா 30 லட்சத்துக்கு ஒரே மாதிரி பாலிசி இருக்கிறது, சேதம் 6 லட்சம் என்று வையுங்கள். மொத்தம் கிடைப்பது 6 லட்சம்தான், 12 அல்ல. பொதுவாக அந்த ஆறை இரண்டு கம்பெனியும் மூன்று மூன்றாகப் பங்கு போட்டுக்கொள்ளும். இரண்டாவது பிரீமியம் கட்டியது வீண்.

ஆயுள் காப்பீடு மட்டும் வேறு கதை. உயிருக்கு விலை போட முடியாது என்பதால் எத்தனை பாலிசி இருந்தாலும் அத்தனையும் குடும்பத்துக்கு வரும். ஆனால் இருக்கும் பாலிசிகளை விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதியிருக்க வேண்டும்.