தட்டாமாலை

சென்ற கோடை விடுமுறையில் ஒரு மாலை எங்கள் வீட்டு முற்றத்தில் குழந்தைகள் தட்டாமாலை சுற்றிக்கொண்டிருந்தார்கள். கைகளை விரித்துக்கொண்டு வேகமாகச் சுற்றுவது, சட்டென்று நிற்பது, தள்ளாடிக் கீழே விழுந்து சிரிப்பது, இதுதான் ஆட்டம். நடுவில் என் கடைசிப் பெண் ஓடிவந்து, "அப்பா, சுத்தறப்போ ஒண்ணுமே இல்லை. நின்னப்புறந்தான் வீடெல்லாம் சுத்தறது. அது ஏன்?" என்று கேட்டாள்.

"எல்லாம் பித்தம்!" என்று ஊஞ்சலிலிருந்து அத்தை பதில் சொல்லிவிட்டாள். தலைசுற்றலில் அவளுக்கு அநுபவம் அதிகம். ஆறேழு வருஷமாக அது விட்டு விட்டு வருகிறது. அவளும் இஞ்சிச் சாறு குடித்து வருகிறாள்.

அத்தையைப் பரிகாசம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. 1861-க்கு முன் பாரிஸ் நகரத்துப் பெரிய வைத்தியர்கள் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான். பித்தம் என்பதற்குப் பதிலாக, இரத்தம் மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். வைத்தியமும் அதற்கு ஏற்றதுதான்: அட்டை விட்டு இரத்தத்தை எடுப்பது, பேதிக்குக் கொடுப்பது. ஏற்கெனவே தலை சுற்றுகிறவனிடமிருந்து இரத்தத்தையும் எடுத்தால் அவன் கதி என்னவாகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இத்தனைக்கும் உண்மையின் ஒரு நுனி அதே பாரிஸில் முன்பே அகப்பட்டிருந்தது. காதின் உட்புறத்தில், எலும்புக்குள்ளே, மூன்று வளைந்த குழாய்கள் உண்டு. அரைவட்டக் குழாய்கள் என்று பெயர். ஒன்றுக்கொன்று ஏறக்குறையச் செங்குத்தாக, ஓர் அறையின் மூலையில் இரண்டு சுவர்களும் தரையும் சந்திப்பதுபோல் அமைந்தவை. 1820-களில் ஃப்ளூரான்ஸ் என்பவர் புறாக்களின் காதில் இவற்றை ஒவ்வொன்றாக வெட்டிப் பார்த்தார். படுக்கைவாட்டுக் குழாயை வெட்டினால் புறாவின் தலை இடமும் வலமுமாக ஆடியது. நிமிர்ந்திருக்கும் குழாயை வெட்டினால் தலை மேலும் கீழுமாக ஆடியது. காதோ நன்றாகக் கேட்டது! ஆனால், காது கேட்பதற்காக மட்டுமே ஏற்பட்டது என்ற எண்ணம் உலகத்தில் வேரூன்றியிருந்ததால், இந்தப் புறாக்களை யாரும் நோயாளிகளோடு சேர்த்து யோசிக்கவில்லை.

சேர்த்து யோசித்தவர் மெனியேர். பாரிஸில் செவிட்டூமைகளுக்கான ஸ்தாபனத்தின் வைத்தியர். திடீரென்று தலை சுற்றி, வாந்தி எடுத்து, காதில் இரைச்சல் கேட்டு, பிறகு செவிடாகிப்போன பலரை அவர் கண்டிருந்தார். ஓர் இளம்பெண்ணின் கதை அவர் மனத்தை விட்டு அகலவில்லை. குளிர்காலத்து இரவில் கோச்சு வண்டியில் பிரயாணம் செய்தவள் அவள். சட்டென்று காது கேட்காமல் போயிற்று, ஓயாத தலைசுற்றல், ஐந்தாம் நாள் இறந்துவிட்டாள். உடலை அறுத்துப் பார்த்தபோது மூளையில் ஒரு குறையும் இல்லை. அந்த அரைவட்டக் குழாய்களுக்குள்தான் சிவந்த கசிவு இருந்தது. 1861-இல் மெனியேர் இதை வைத்திய சபையில் படித்தார். கேட்டவர்கள் பிரமாதமாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வருஷமே அவர் காலமாகிவிட்டார்.

குழாய்கள் என்ன வேலை செய்கின்றன என்பது 1873-74 குளிர்காலத்தில்தான் விளங்கிற்று. ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமல் மூன்று பேர் ஒரே விடைக்கு வந்தார்கள். பிராகில் எர்ன்ஸ்ட் மாக் என்ற பௌதிக ஆசிரியர்; ரெயில் வளைவில் திரும்பும்போது வெளியே மரங்களும் வீடுகளும் சாய்ந்து தெரிவது ஏன் என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டிருந்தது. வியன்னாவில் பிராயர் என்ற குடும்ப வைத்தியர். எடின்பரோவில் கிரம் பிரௌன். அவரோ ரசாயனப் பேராசிரியர். ஆட்களைக் கண்ணை மூடச் சொல்லிச் சுழலும் பலகையில் வைத்துச் சுற்றிப் பார்த்தவர் இவர்.

நீங்களும் ஒரு சுழல் நாற்காலியில் இதைப் பார்க்கலாம். கண்ணை மூடி உட்காருங்கள். ஒருவர் உங்களை வலப்பக்கமாக ஒரே வேகத்தில், இருபது விநாடிக்குப் பத்துச் சுற்று வீதம் சுற்றட்டும். சுற்றத் தொடங்கியதும் வலப்பக்கம் போவது நன்றாகத் தெரியும். போகப் போக அந்த உணர்ச்சி மங்கும். அரை நிமிஷத்துக்கு மேல் சுற்றினால், சும்மா உட்கார்ந்திருப்பதாகவே தோன்றும். அப்போது நாற்காலியை நிறுத்தினால் இடப்பக்கமாகச் சுற்றுகிறோம் என்று சத்தியம் செய்வீர்கள்!

காரணம் இதுதான். அந்த வளையம் ஒரு மிளகைவிடச் சற்றே பெரியது. குழாயின் உட்புறம் தையல் நூல் பருமன். அதில் ஒரு திரவம். ஓரிடத்தில் குறுக்கே பாகுபோன்ற ஒரு சிறு திரை. திரையின் அடியில் உணர்ச்சி மயிர்கள். தலை திரும்பினால் குழாயும் திரும்புகிறது, திரவமோ பின்தங்குகிறது. அது தள்ளுவதால் திரை வளைகிறது. ஒரே வேகத்தில் சுற்றினால் திரவம் குழாயோடு சேர்ந்துகொள்ளும். திரை மெல்ல நிமிர்ந்துவிடும். நின்றவுடன் குழாய் நிற்கிறது. திரவம் முன்னே உந்துகிறது. திரை எதிர்ப்புறம் வளைகிறது.

கலக்கி வைத்த காபி டம்ளரைப்போல் திரவம் உள்ளே நெடுநேரம் சுழல்கிறது என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. அவ்வளவு மெல்லிய குழாயில் திரவம் நகர்வது இம்மியளவுதான். உடனே நின்றும் விடுகிறது. வளைந்த திரைதான் நிமிரச் சில விநாடி எடுத்துக்கொள்கிறது. அந்தச் செய்தியை மூளை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொள்கிறது. அதனால்தான் இருபது, முப்பது விநாடி ஆட்டம். அத்தனை நேரமும் கண்விழிகள் மெல்ல வலப்பக்கம் நழுவி, வெடுக்கென்று இடப்பக்கம் திரும்புகின்றன. நழுவும்போது துளசி மாடம் இடப்பக்கம் ஓடுவதாகத் தெரிகிறது. இல்லாத இடப்பக்கச் சுழற்சியைச் சமாளிக்கப் போய் உடம்பு வலப்பக்கம் சாய்ந்து விழுகிறது.

அப்படியானால், நேராக நிற்கிறோமா சாய்ந்திருக்கிறோமா என்று சொல்வது யார்? அதற்கு வேறு உறுப்பு. குழாய்களின் அடியில் இரண்டு சிறு பைகள். அவற்றில் பாகின்மேல் பதிந்த நுண்ணிய கற்கள். கிளிஞ்சலும் முத்தும் எந்தச் சரக்கோ அதே சரக்கு. தலை சாய்ந்தால் கல் சரியும். இறால் தோலுரிக்கும்போது இந்தக் கற்களையும் இழந்து, புது மணலை எடுத்து வைத்துக்கொள்ளும். 1893-இல் வியன்னாவில் கிரைடல் என்பவர் மணலுக்குப் பதில் இரும்புத் தூளைக் கொடுத்தார். இறால் அதையே வைத்துக்கொண்டது. பிறகு காந்தத்தை மேலே காட்டியதும், மேலேதான் பூமி என்று நம்பி, பாவம், மல்லாந்துவிட்டது!

தரையைப் பார்த்துத் தலையைக் குனிந்தபடி சுற்றி, நின்றதும் நிமிர்ந்தால், பக்கவாட்டில் உருண்டு விழுவதுபோல் இருக்கும். குழாய் 'விழுகிறாய்' என்கிறது. கற்கள் 'இல்லை' என்கின்றன. இந்தச் சண்டையில் வயிறு குமட்டும்.

இவ்வளவும் படித்த பிறகுதான் அத்தையிடம், தலைசுற்றல் எப்போது வருகிறது என்று விசாரித்தேன். படுக்கையில் வலப்பக்கம் புரண்டால் வரும். ஒரு நிமிஷத்துக்குள் நின்றுவிடும். காது நன்றாகக் கேட்கும். டாக்டரிடம் அழைத்துப்போனேன். அவர் அத்தையின் தலையை வலப்பக்கம் திருப்பி, மேஜை விளிம்பில் தொங்கும்படி சட்டென்று படுக்க வைத்து, கண்விழியைக் கவனித்தார். விழி துடித்தது. பையிலிருந்து சில கற்கள் கழன்று குழாய்க்குள் விழுந்திருக்கின்றன என்றார். படுத்தபடியே தலையை இடப்பக்கம் திருப்பி, பிறகு ஒருக்களித்துத் தரையைப் பார்க்க வைத்து, கடைசியில் உட்கார வைத்தார். ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிஷம்போல் நிறுத்தினார். கல் உருண்டு பைக்கே திரும்பிவிடுமாம். அமெரிக்காவில் எப்ளி என்ற டாக்டர் 1992-இல் எழுதி வெளியிட்ட முறை. எல்லாத் தலைசுற்றலுக்கும் இது பலிக்காது, கல் விழுந்ததற்கு மட்டுந்தான் என்றும், சில சமயம் திரும்ப வரலாம் என்றும் எச்சரித்தார்.

அத்தை இப்போது வலப்பக்கம் புரண்டு தூங்குகிறாள். இஞ்சிச் சாற்றை மட்டும் விடவில்லை. பித்தம் வேறு, கல் வேறாம்.