சாய ஆலையில் 30 டன் உப்பு எங்கே போனது? கழிவுநீர் பதிவேட்டில் பொய்யைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஒரு சாய ஆலைக்குள் தணிக்கையாளர் போகிறார். கழிவுநீர் ஒரு சொட்டுகூட வெளியே விடவில்லை என்கிறது ஆலையின் பதிவேடு. அவர் போன நேரத்தில் எந்தக் குழாயிலும் தண்ணீர் வரவும் இல்லை. அப்படியானால் எல்லாம் சரிதானா? அதை எப்படி முடிவு செய்கிறார்கள்?

திருப்பூர் பகுதிக்கு இது பழைய கேள்வி. சாயக் கழிவுநீர் நொய்யலில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையே உப்புநீர்த் தேக்கமாக மாறியது. பாசன விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். கழிவுநீரை வெளியே விடவே கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றாத சாய ஆலைகளை மூடச் சொல்லி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 'ஜீரோ டிஸ்சார்ஜ்' என்ற வார்த்தை அந்த ஊரில் டீக்கடை வரைக்கும் போனது அதற்குப் பிறகுதான்.

முதலில் பார்ப்பது எது?

இசைவாணை. தண்ணீர் மாசு தடுப்புச் சட்டம், 1974-ன் கீழ் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் கொடுக்கும் அனுமதி இது. மாதம் எவ்வளவு துணிக்குச் சாயம் போடலாம், தினமும் எவ்வளவு கழிவுநீர் உருவாகலாம், அதை எப்படிச் சுத்திகரிக்க வேண்டும், மிஞ்சும் உப்பையும் சேற்றையும் எங்கே வைக்க வேண்டும் என்று எல்லாம் அதில் எழுதியிருக்கும்.

தணிக்கை என்பது இதில் உள்ள ஒவ்வொரு நிபந்தனையையும் ஆலையின் பதிவேடுகளோடு ஒப்பிடுவது. ஆனால் பதிவேட்டை எழுதுவது ஆலைதான். நிபந்தனைக்கு ஏற்றபடி எண்ணை எழுதி வைப்பது பெரிய வேலை இல்லை. அதனால் அனுபவமுள்ள தணிக்கையாளர், ஒரு பதிவேட்டை இன்னொரு பதிவேட்டோடு மோதவிட்டுப் பார்ப்பார். சாய ஆலையில் அதற்கு உதவுவது உப்பு.

உப்புக் கணக்கு என்றால் என்ன?

பருத்தியில் சாயம் பிடிக்க உப்பு போடுகிறார்கள். துணியில் ஒட்டுவது சாயம்தான். உப்பு முழுக்கக் கழிவுநீரோடு வந்துவிடும். சுத்திகரிப்பில் நிறம் போகும், நாற்றம் போகும். உப்பு போகாது. ஆர்.ஓ. இயந்திரம் நல்ல தண்ணீரைப் பிரித்த பிறகு, மிஞ்சிய அடர்த்தியான உப்புநீரில் அது அப்படியே இருக்கும். அந்த நீரை எவாப்பரேட்டரில் காய்ச்சினால் மூட்டை கட்டும் அளவுக்கு உப்பு கிடைக்கும்.

ஒரு மாதிரிக் கணக்கு போடலாம். ஒரு ஆலையில் தினமும் 500 கிலோலிட்டர் கழிவுநீர். ஒரு கிலோலிட்டர் என்றால் 1,000 லிட்டர். ஆய்வக அறிக்கைப்படி ஒவ்வொரு கிலோலிட்டரிலும் 6 கிலோ உப்பு கரைந்திருக்கிறது. அப்போ ஒரு நாளைக்கு 3,000 கிலோ, அதாவது 3 டன். மாதம் 26 வேலைநாள் என்றால் 78 டன்.

இந்த 78 டன்னுக்கும் ஆலை கணக்கு காட்டியாக வேண்டும். மறுபடியும் சாயத்தொட்டிக்கே அனுப்பிய உப்புக் கரைசலில் 26 டன் போயிருக்கிறது என்று ஒரு பதிவேடு சொல்கிறது. கிடங்கில் புதிதாகச் சேர்ந்த மூட்டைகளை எடை போட்டால் 22 டன். மொத்தம் 48. மீதி 30 டன் எங்கே போச்சு?

உப்பு ஆவியாகாது, மக்காது. அது ஆலைக்குள் இல்லையென்றால் ஏதோ ஒரு வழியில் வெளியே போயிருக்க வேண்டும்.

இது மட்டும் போதுமா?

போதாது. ஆய்வகத்துக்கு மாதிரி எடுத்த அன்றைக்கு மட்டும் அடர் நிறச் சாயம் ஓடியிருந்தால், உப்பு வழக்கத்தைவிட அதிகமாகக் காட்டும். அதனால் ஒரே ஒரு பாட்டில் மாதிரியை நம்பாமல், நாள் முழுக்க இடைவெளி விட்டு எடுத்துக் கலந்த மாதிரியைப் பார்க்க வேண்டும். பிறகு, உப்போடு சம்பந்தமே இல்லாத வேறொரு கணக்கு அதே விடையைத் தருகிறதா என்று சோதிப்பார்கள். அது லாரித் தண்ணீர் பில்.

நம் ஆலையில் தினமும் 550 கிலோலிட்டர் தண்ணீர் செலவாகிறது. ஆர்.ஓ.விலிருந்து 425, எவாப்பரேட்டரிலும் உப்புக் கரைசலிலுமாக 65, ஆக 490 திரும்பக் கிடைக்க வேண்டும். துணியோடும் ஆவியோடும் போவதற்கு ஈடாக 60 மட்டும் வெளியில் வாங்கினால் போதும். பில்லைக் கூட்டிப் பார்த்தால் தினம் 90 வாங்கியிருக்கிறார்கள். 30 கிலோலிட்டர் அதிகம்.

இப்போது காணாமல் போன உப்புக்கு வருவோம். மாதம் 30 டன் என்றால் நாளுக்குச் சுமார் 1.15 டன். ஆர்.ஓ.வில் மிஞ்சும் 75 கிலோலிட்டரில் அன்றைய 3 டன் உப்பும் இருப்பதால், கிலோலிட்டருக்கு 40 கிலோ. அந்தக் கணக்கில் 1.15 டன் உப்பு கரைந்திருப்பது சுமார் 29 கிலோலிட்டரில். இரண்டு கணக்கும் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்கு வந்துவிட்டன. தினமும் 30 கிலோலிட்டர் அளவுக்கு உப்புநீர் எவாப்பரேட்டருக்கே போகவில்லை.

"தொட்டியில் தேக்கி வைத்திருக்கிறோம் சார்" என்பது வழக்கமாக வரும் பதில். தொட்டியின் கொள்ளளவைக் கேட்டால் போதும். ஒரு மாதத்துக்கு 750 கிலோலிட்டருக்கு மேல் சேர்ந்திருக்க வேண்டும். தொட்டி 200 கிலோலிட்டர்தான் பிடிக்கும் என்றால் அந்தப் பதில் நிற்காது.

எவாப்பரேட்டரை ஏன் ஓட்டாமல் விடுகிறார்கள்? செலவுதான் காரணம். சுத்திகரிப்பில் விறகும் கரண்டும் அதிகம் தின்பது அந்த இயந்திரம். அதனால் அதற்கான தனி மின்மீட்டரை 'ஓடிய நேரம்' பதிவேட்டோடு ஒப்பிடுவார்கள். 20 மணி நேரம் ஓடியதாக எழுதிய நாளில் மின்மீட்டர் பாதிகூட நகரவில்லை என்றால் விஷயம் முடிந்தது.

பதிவேட்டைப் பார்த்தாலே தெரியுமா?

சில நேரம் தெரியும். மாதம் முழுக்க ஒரே பேனா, ஒரே கையெழுத்து, தினமும் ஒரே எண். தீபாவளி விடுமுறையிலும் வழக்கமான அளவு கழிவுநீர் என்ற பதிவு. உண்மையான ஆலையில் எண்கள் ஏறி இறங்கும். பம்பு ரிப்பேரான நாள் ஒன்றாவது இருக்கும். பழுதே இல்லாத பதிவேடுதான் சந்தேகத்தைக் கிளப்பும்.

தணிக்கையாளரே பொய் சொன்னால்?

நடந்திருக்கிறது. குஜராத்தில் ஆலைகளே தணிக்கையாளரைத் தேர்ந்தெடுத்துச் சம்பளமும் கொடுத்து வந்தன. பொருளாதார ஆய்வாளர்கள் எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் உள்ளிட்ட நால்வர் அங்கே ஒரு சோதனை நடத்தினார்கள். பழைய முறை அறிக்கைகளில் மாசு அளவுகள் சட்ட வரம்புக்குச் சற்றுக் கீழே கொத்தாக இருந்தன. மறுபடி அளந்தபோது பல ஆலைகள் வரம்பைத் தாண்டியிருந்தன. எந்த ஆலைக்கு யார் என்பதைக் குலுக்கல் போல முடிவு செய்து, சம்பளத்தைப் பொது நிதியிலிருந்து கொடுத்து, சிலரது அளவீட்டை மறுபடி சோதித்தும் பார்த்தபோது பொய் அறிக்கைகள் பெருமளவு குறைந்தன. ஆலைகள் வெளியிட்ட மாசும் குறைந்தது. 2013-ல் வெளியான முடிவுகள் இவை. ஒன்றிய அரசு 2025-ல் கொண்டுவந்த சுற்றுச்சூழல் தணிக்கை விதிகளிலும் தணிக்கையாளரை ஆலை தேர்ந்தெடுக்காமல், குலுக்கல் முறையில் ஒதுக்கும் ஏற்பாடு இருக்கிறது.

தவறு உறுதியானால்?

தணிக்கையாளரால் ஆலையை மூட முடியாது. அவர் எழுதுவது அறிக்கை மட்டும். நடவடிக்கை எடுக்க வேண்டியது வாரியம். விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பலாம், இசைவாணையை ரத்து செய்யலாம். தண்ணீர் சட்டத்தின் 33-ஏ பிரிவின்படி ஆலையை மூடவும், மின்சாரத்தைத் துண்டிக்கவும் உத்தரவிடலாம். நோட்டீஸ் வந்தால், அந்த 30 டன்னுக்கு ஆலை எழுத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.