வேலையை விட்டு விலகும்போது மீதமுள்ள விடுப்புக்குப் பணம் கோரும் கடிதம்: கடைசி வேலை நாள் வரை கணக்கிடுவது எப்படி?

வேலையிலிருந்து விலகும் தொழிலாளர் ஒருவருக்கு நிறுவனம் அளிக்கும் இறுதிக் கணக்குத் தீர்வில் அடிக்கடி குறைந்துவிடும் தொகை, எடுக்காமல் மீதமிருக்கும் ஈட்டிய விடுப்புக்கான பணமாகும். தொகையை நிறுவனம் மறுப்பது அரிது. எந்த நாள் வரை கணக்கிடுவது என்பதில்தான் சிக்கல் எழுகிறது. மனிதவளப் பிரிவின் கணினியில் தெரியும் இருப்பு, பெரும்பாலும் ஜனவரி 1-ஆம் தேதி வரவு வைக்கப்பட்ட விடுப்பிலிருந்து எடுத்த நாட்களைக் கழித்த எண் மட்டுமே. நடப்பு ஆண்டில் உழைத்து ஈட்டிய நாட்கள் அதில் சேர்ந்திருக்காது.

தொழிற்சாலைகள் சட்டம், 1948-இன்படி முந்தைய ஆண்டில் வேலை செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்பு உண்டு. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணி நிலைமைகள் தொகுப்புச் சட்டமும் இதே விகிதத்தையே வைத்துள்ளது. விடுப்பு பெறுவதற்கு ஆண்டில் 240 நாட்கள் வேலை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் 180 நாட்களாகக் குறைந்துள்ளது. ஆண்டின் நடுவில் விலகுபவர் அந்த எண்ணிக்கையை எட்டாவிட்டாலும், உழைத்த நாட்களுக்கு உரிய விடுப்பின் சம்பளம் அவருக்குக் கிடைக்க வேண்டும் என்பது இரு சட்டங்களிலும் உள்ள விதி. இதை அறியாமல் பலர் கணினி காட்டும் எண்ணையே ஏற்றுக்கொண்டு கையெழுத்திட்டு விடுகின்றனர்.

புனேயில் உள்ள ஒரு தொழிற்சாலையின் இயந்திர இயக்குநர் ஒருவரை உதாரணமாகக் கொள்ளலாம். வாரத்துக்கு ஆறு நாள் வேலை, ஞாயிறு விடுமுறை. 2026 ஜூன் 1-ஆம் தேதி ராஜினாமா கடிதம் கொடுக்கிறார். ஜூலை 31 அவரது கடைசி வேலை நாள். பழைய ஆண்டுகளிலிருந்து தொடர்ந்து வந்த விடுப்பு 12 நாட்கள். 2025-இல் அவர் 264 நாட்கள் வேலை செய்ததால் 13 நாட்கள் வரவாகி, ஜனவரி 1 அன்று இருப்பு 25 ஆனது. மே மாதத்துக்குள் 6 நாட்கள் எடுத்துவிட்டார். ஆகவே கணினியில் தெரிவது 19 நாட்கள்.

இனி நடப்பு ஆண்டின் கணக்கு. ஜனவரி 1 முதல் ஜூலை 31 வரை 212 நாட்கள். இதில் 30 ஞாயிற்றுக்கிழமைகள், 4 பண்டிகை விடுமுறைகள், எடுத்த 6 விடுப்பு நாட்கள் ஆகியவற்றைக் கழித்தால் வேலை செய்தவை 172 நாட்கள். அதை 20-ஆல் வகுத்தால் 8.6 வருகிறது. அரை நாளும் அதற்கு மேலும் வரும் பின்னத்தை ஒரு முழு நாளாகக் கொள்ள வேண்டும். அதற்குக் குறைந்தால் விட்டுவிடலாம் என்பது தொழிற்சாலைகள் சட்டத்தின் முறை. எனவே 9 நாட்கள் சேர்ந்து மொத்தம் 28 ஆகிறது. ராஜினாமா கொடுத்த நாளோடு கணக்கை நிறுத்தியிருந்தால், அதாவது மே 31 வரை எண்ணியிருந்தால், வேலை நாட்கள் 119, ஈட்டியது 6, மொத்தம் 25 என்றே வரும். நோட்டீஸ் காலமும் வேலை செய்த காலமே என்பதால் அந்த மூன்று நாட்களை விட்டுக்கொடுக்கக் காரணமில்லை. சம்பளமில்லாத விடுப்பு எடுத்திருந்தால் அந்த நாட்களைக் கழித்தே எண்ண வேண்டும்.

நாட்கள் முடிவானபின் ஒரு நாள் சம்பளம் எவ்வளவு என்ற கேள்வி வருகிறது. தொழிற்சாலைகள் சட்டத்தின் முறைப்படி, முந்தைய மாதத்தில் வேலை செய்த நாட்களின் சராசரிச் சம்பளமே அளவுகோல். அகவிலைப்படி அதில் சேரும். கூடுதல் நேர ஊதியமும் போனஸும் சேராது. அவரது ஜூன் மாதச் சம்பளம் ரூ.26,000, வேலை நாட்கள் 26 என்றால் ஒரு நாளுக்கு ரூ.1,000, 28 நாட்களுக்கு ரூ.28,000. சில நிறுவனங்கள் மாதச் சம்பளத்தை 30-ஆல் வகுக்கின்றன. அப்படிச் செய்தால் தொகை ரூ.24,267 ஆகக் குறைகிறது. ஆகவே எந்த எண்ணால் வகுக்கப்பட்டது என்பதை எழுத்தில் கேட்பது நல்லது.

இவ்வளவையும் கடிதத்தில் இப்படிச் சுருக்கமாக எழுதலாம்:

பெறுநர்: மேலாளர், மனிதவளப் பிரிவு.
பொருள்: மீதமுள்ள ஈட்டிய விடுப்புக்கான சம்பளம் கோருதல். பணியாளர் எண்: ____

ஐயா/அம்மையீர்,
01.06.2026 அன்று நான் அளித்த ராஜினாமா ஏற்கப்பட்டு, 31.07.2026 எனது கடைசி வேலை நாளாகத் தங்களால் உறுதிசெய்யப்பட்டுள்ளது. அந்நாள் வரையிலான எனது விடுப்புக் கணக்கு வருமாறு: 01.01.2026 அன்று இருப்பு 25 நாட்கள். இவ்வாண்டு எடுத்தது 6 நாட்கள். இவ்வாண்டு வேலை செய்த 172 நாட்களுக்கு ஈட்டியது 9 நாட்கள். மீதம் 28 நாட்கள். ஜூன் மாதச் சராசரியின்படி நாளொன்றுக்கு ரூ.1,000 வீதம் ரூ.28,000 எனக்கு உரியது. இத்தொகையை இறுதிக் கணக்கில் சேர்த்து எனது வங்கிக் கணக்கில் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். தங்கள் கணக்கு இதிலிருந்து மாறுபட்டால், நாட்களையும் வகுத்த எண்ணையும் குறிப்பிட்டு எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன். விடுப்புப் பதிவின் நகலையும் ஜூன் மாதச் சம்பளச் சீட்டையும் இணைத்துள்ளேன்.
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம், தேதி)

கடிதத்தைக் கடைசி வேலை நாளுக்கு ஒரு வாரம் முன்பே மின்னஞ்சலிலும் நேரிலும் கொடுத்து, நகலில் பெறுகை முத்திரை வாங்கிக்கொள்வது பயன் தரும். அதற்கும் முன்னதாக விடுப்புப் பதிவையும் வருகைப் பதிவையும் நகலெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். கடைசி நாள் மாலையே பல நிறுவனங்களில் கணினி அனுமதி நிறுத்தப்பட்டுவிடும். கடிதம் கொடுத்த பின்னர் நிறுவனம் முன்கூட்டியே விடுவித்தால் கடைசி நாள் மாறும். அப்போது விடுவித்த தேதியை எழுத்தில் பெற்று, நாட்களை அதற்கேற்பத் திருத்தி மீண்டும் அனுப்ப வேண்டும்.

30 நாள் உச்சவரம்பு என்று மனிதவளப் பிரிவு கூறும் பதிலும் கவனிக்கத்தக்கது. அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லும் விடுப்புக்கே அந்த வரம்பு பொருந்தும். எடுத்துச் சென்ற 30 நாட்களுடன் நடப்பு ஆண்டில் ஈட்டியதும் சேர்ந்தால், விலகும் நாளில் இருப்பு 30-ஐத் தாண்டுவதில் தவறில்லை. கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் வரும் அலுவலகங்களுக்கு மாநிலத்துக்கு மாநிலம் அளவு வேறுபடும். மகாராஷ்டிரத்தின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 45 நாட்கள் வரை சேர்த்து வைக்க அனுமதிக்கிறது. மேலாளர் நிலையில் உள்ளவர்கள் தங்கள் நியமனக் கடிதத்தையும் நிறுவனத்தின் விடுப்புக் கொள்கையையுமே முதலில் பார்க்க வேண்டும். தற்செயல் விடுப்புக்கும் நோய் விடுப்புக்கும் பெரும்பாலான நிறுவனங்கள் பணம் தருவதில்லை. அவற்றைக் கடிதத்தில் கலந்து எழுதினால் முழுக் கணக்கும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

தானாக விலகிய தொழிலாளருக்கு இத்தொகை இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் தரப்பட வேண்டும். மேற்கண்ட உதாரணத்தில் ஜூலை 31 வெள்ளிக்கிழமை. இடையில் ஞாயிறு வருவதால் கெடு ஆகஸ்ட் 3, திங்கட்கிழமை. வயது மூப்பால் ஓய்வு பெற்றாலோ, பணியில் இறந்துவிட்டாலோ இரண்டு மாதம் வரை அவகாசம் உண்டு. இறந்தவரின் தொகை வாரிசுக்கோ நியமனதாரருக்கோ சேரும். கெடு கடந்தும் பதில் வராவிட்டால், அதே கடிதத்தின் முத்திரையிட்ட நகலுடன் மாநிலத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு அளிக்கலாம்.

வருமான வரியைப் பொறுத்தவரை, ராஜினாமா செய்து விலகும்போது பெறும் விடுப்புப் பணத்துக்கும் விலக்கு உண்டு. தனியார் ஊழியர்களுக்கான உச்சவரம்பு 2023 ஏப்ரல் 1 முதல் ரூ.25 லட்சம். இது ஒருவரின் வாழ்நாள் முழுவதற்குமான வரம்பு என்பதால், முந்தைய நிறுவனத்தில் விலக்கு பெற்ற தொகையைப் புதிய நிறுவனத்திடம் தெரிவிக்க வேண்டும். பணியில் இருக்கும்போதே விடுப்பைப் பணமாக்கினால் இந்த விலக்கு கிடையாது; முழுத் தொகையும் அவ்வாண்டின் சம்பள வருமானத்தில் சேரும்.