பழக்க அபாயம்: ஒரு தணிக்கைக் கதையும் அதன் பகுப்பும்

1. கதை

கோவை ஆடிட்டர் ஒருவர், திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனம் ஒன்றின் தணிக்கையைத் தம் அலுவலகத்தின் பெயரில் ஏற்கிறார். இயக்குநர்கள் இரு இளைஞர்கள். கடிதப் போக்குவரத்தெல்லாம் கணக்கரோடுதான். மார்ச் 31 அன்று சரக்கிருப்பை எண்ணப் போகும்போது, கிடங்கு வாசலில் நிற்கும் முதலாளி, "டேய், நம்ம வாத்தியார் பையனா நீ?" என்கிறார். அப்பாவின் நண்பர், சிறுவயது முதல் 'மாமா'.

2. சட்ட எல்லை

2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 141ஆம் பிரிவு, தணிக்கையாளரின் உறவினர் இயக்குநராக இருந்தால் அந்தத் தணிக்கையாளரைத் தகுதியற்றவராக்குகிறது. உறவினர் யார் என்பதைப் பிரிவு 2(77)உம் அதன் விதியும் வரையறுக்கின்றன: வாழ்க்கைத்துணை, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் முதலியோர். வாயால் மட்டும் மாமாவானவருக்கு அதில் இடமில்லை. ஆகவே நியமனம் செல்லும். ஆனால் கேள்வி இங்கே முடிவதில்லை.

3. பழக்க அபாயம்

பட்டயக் கணக்காளர்களின் ஒழுக்க நெறி, சார்பின்மைக்கு ஐந்து அபாயங்களைச் சொல்கிறது. அவற்றுள் இக்கதைக்கு உரியது பழக்க அபாயம்: நெருக்கத்தால், வாடிக்கையாளரின் சொல்லைச் சோதிக்காமல் ஏற்றுக்கொள்ளும் சாய்வு. இது லஞ்சம்போல் வெளிப்படையாக வராது. மரியாதையின் உருவில் வரும். அதனால்தான் நேர்மையானவரே இதில் எளிதில் சிக்குகிறார் என்பது நம் கருத்து.

அது எங்கே தென்படும்? கதையில், ஏற்றுமதி வாடிக்கையாளர் ஒருவர் தர வேண்டியதாகப் புத்தகத்தில் 42 லட்சம் ரூபாய் நிற்கிறது. ஓராண்டைத் தாண்டிய பாக்கி. நிலுவையை உறுதிசெய்யும் கடிதத்தைத் தணிக்கையாளரே அனுப்ப வேண்டும். பதிலும் நேரே அவருக்கு வர வேண்டும். தணிக்கைத் தரம் 505இன் உயிர் இதுதான். மாமா சொல்கிறார்: "எதுக்குப்பா உனக்குச் சிரமம்? நானே கையெழுத்து வாங்கித் தந்துடறேன்." அன்பான பேச்சு. ஆனால் கடிதம் அவர் கைக்குப் போன கணமே அது சான்றாக இருக்கும் தகுதியை இழக்கிறது. அதை யார் எழுதினார், யார் திருத்தினார் என்று பிறகு சொல்ல வழியில்லை.

4. தீர்வின் படிகள்

நம் ஆடிட்டர் அன்று மாலையே தம் கூட்டாளியிடம் உறவைச் சொல்லி, அதைத் தணிக்கைக் கோப்பில் எழுதிவைக்கிறார். அந்தக் குடும்பத்தை அறியாத கூட்டாளி பொறுப்பை ஏற்று, கடிதத்தைத் தாமே அனுப்புகிறார். இது போதாது என்று தோன்றினால் விலகல்தான் வழி. அப்போது 30 நாளுக்குள் காரணத்தோடு ஏ.டி.டி.-3 படிவம் தாக்கல் செய்ய வேண்டும்.

ஏற்றுமதி வாடிக்கையாளரின் பதில் நேரே கோவைக்கு வருகிறது. 29 லட்சத்தை மட்டும் ஒப்புகிறார். சாயம் ஒத்துவராத சரக்குக்காக மீதியைக் கழித்துக்கொண்டதாகவும், அதை முன்பே முதலாளிக்கு எழுதிவிட்டதாகவும் சொல்கிறார். மீதி 13 லட்சத்துக்கு அந்த ஆண்டுக் கணக்கிலேயே இழப்பு ஒதுக்கீடு செய்யும்படி கூட்டாளி கேட்கிறார். மாமா முதலில் தொலைபேசியில் அழைத்தது ஆடிட்டரைத்தான். அவர், கூட்டாளியின் எண்ணைக் கொடுக்கிறார்.