ஒரே சராசரி, நான்கு வேறு வரைபுகள்

எண் என்றால் துல்லியம், வரைபு என்றால் தோராயம் என்றே நம்மில் பலரும் நினைக்கிறோம். 1970களின் தொடக்கத்தில் புள்ளிவிபரவியலாளர்கள் மத்தியிலும் இந்த எண்ணம் பரவலாக இருந்தது. அக்காலக் கணினிகள் எண்களை மளமளவென அச்சடித்தன. வரைபு வரைவதுதான் சிரமம்.

யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரான்சிஸ் அன்ஸ்கம் 1973இல் இதற்கு ஒரு கட்டுரையில் பதில் சொன்னார். அதில் நான்கு சிறிய அட்டவணைகளைத் தந்தார். ஒவ்வொன்றிலும் பதினொரு சோடி எண்கள். நான்கிலும் x இன் சராசரி 9, y இன் சராசரி 7.5. இரண்டுக்கும் இடையிலான தொடர்பைக் காட்டும் குணகம் ஏறத்தாழ 0.82. பொருத்தமான நேர்கோடும் ஒன்றே: y = 3 + 0.5x.

x ஐ பதினொரு காணித் துண்டுகளுக்கு இட்ட உரம் என்றும், y ஐ மிளகு விளைச்சல் என்றும் எண்ணிக்கொள்வோம். நான்கு அட்டவணைகளும் "ஒரு கிலோ உரம் கூடினால் அரைக் கிலோ மிளகு கூடும்" என்றே சொல்லும். இனி வரைந்து பார்ப்போம்.

முதலாவதில் புள்ளிகள் கோட்டின் இரு பக்கமும் இயல்பாகச் சிதறியிருக்கின்றன. இங்கே அந்த முடிவு நியாயமானது.

இரண்டாவது ஒரு வளைவு. உரம் 11 கிலோ வரை விளைச்சல் ஏறுகிறது, பிறகு இறங்குகிறது. 14 கிலோவுக்குக் கோடு 10 கிலோ மிளகு என்கிறது. அட்டவணையில் இருப்பதோ 8.1. கோட்டை நம்பி மேலும் உரம் போடுபவருக்கு நட்டம்தான்.

மூன்றாவதில் பத்துப் புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் அமைந்திருக்க, ஒன்று மட்டும் 12.74 என்று மேலே நிற்கிறது. அதை விலக்கினால் சரிவு 0.5இலிருந்து ஏறத்தாழ 0.35 ஆகக் குறைகிறது. ஆனால் உடனே அழித்துவிடக் கூடாது. தராசு பிழையா, மண் வேறா என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

நான்காவதுதான் மிகவும் ஆபத்தானது. பத்துத் துண்டுகளுக்கும் 8 கிலோ உரம். அவற்றின் சராசரி விளைச்சல் 7. ஒரு துண்டுக்கு மட்டும் 19 கிலோ; விளைச்சல் 12.5. உரம் 11 கிலோ கூட, விளைச்சல் 5.5 கூடியது, 0.5 என்ற சரிவு முழுவதும் இந்த ஒரு புள்ளியிலிருந்தே வருகிறது. அங்கே விளைச்சல் 7 ஆக இருந்திருந்தால் சரிவு பூச்சியம். 1.5 ஆக இருந்திருந்தால் உரம் கெடுதல் என்று கோடு சொல்லியிருக்கும். அந்தப் புள்ளியை எடுத்துவிட்டால் கோடே வரைய முடியாது. கோடு அதன் ஊடாகவே செல்வதால், கோட்டிலிருந்து விலகிய புள்ளிகளை எண்களில் தேடினாலும் அது அகப்படாது. கண்ணுக்கு மட்டும் உடனே அகப்படும்.

வரைபு பார்ப்பதால் விடை கிடைத்துவிடாது. வளைவா, தனித்த புள்ளியா, எதைக் கேட்க வேண்டும் என்பது மட்டுமே அதில் தெரியும். அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் சராசரிக்கும் நேர்கோட்டுக்கும் அர்த்தம் வருகிறது. அதனால்தான் வரைபை முதலில் வரைகிறோம்.