காலையில 2,600... சாயந்திரம் 3,400! ஃப்ளைட் டிக்கெட் விலை ஏன் மாறுது?

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் ஒரு குடும்பம், கமலாபுரம் ஏர்போர்ட்டிலிருந்து சென்னைக்குப் போக டிக்கெட் தேடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஆளுக்குத் தேடினால் 2,600 ரூபாய். நாலு பேருக்குத் தேடினால் ஆளுக்கு 3,400 ரூபாய். ‘நாம திரும்பத் திரும்பப் பார்க்கிறதாலதான் விலையை ஏத்திட்டாங்க’ என்றுதான் முதலில் தோன்றும். ஆனால், விஷயம் வேற.

சேலம் மாதிரி சின்ன ஏர்போர்ட்களுக்கு வரும் ஏ.டி.ஆர் விமானத்தில் 70 சொச்சம் சீட்கள்தான். அத்தனை சீட்டுக்கும் ஒரே விலை கிடையாது. சில சீட் 2,600, அடுத்த சில 3,400, அதற்கு மேல் 4,300 என்று அடுக்கடுக்காகப் பிரித்து வைத்திருப்பார்கள். கீழ் அடுக்கு விற்றுத் தீர்ந்ததும், அடுத்த அடுக்கின் விலை திரையில் வரும். யாராவது பணம் கட்டும் பக்கம் வரை போய்ப் பாதியில் விட்டுவிட்டால், அந்த சீட் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வரலாம். ஏறின விலை இறங்குவது இப்படித்தான். விற்பனை மந்தமாக இருந்தால், விமான நிறுவனமே மூடின கீழ் அடுக்கை மறுபடி திறப்பதும் உண்டு.

நாலு பேருக்குச் சேர்த்துத் தேடாதீங்க!

நம்ம உதாரணத்தில், 2,600 ரூபாய் அடுக்கில் மிச்சம் இருப்பது 2 சீட்தான். நாலு பேருக்குக் கேட்டால், நாலு பேருக்கும் இடம் இருக்கிற அடுக்கைத்தான் பெரும்பாலும் காட்டும். ஆக மொத்தம் 13,600 ரூபாய். இதையே இரண்டிரண்டு பேராகப் போட்டால் 5,200 + 6,800 = 12,000. மிச்சம் 1,600 ரூபாய்!

அதனால முதலில் ஒருத்தருக்குத் தேடுங்க. அப்புறம் இரண்டு, மூணு, நாலு என்று ஏற்றிப் பாருங்க. எந்த எண்ணிக்கையில் விலை தாவுதோ, அங்கே அடுக்கு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். பிரித்துப் போடும்போது ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஒரு பெரியவர் இருக்கணும். விமானம் ரத்தானால் இரண்டு டிக்கெட்டையும் தனித்தனியாகத்தான் மாற்ற வேண்டியிருக்கும்.

எப்போ போட்டா லாபம்?

கீழ் அடுக்குகள் பலவும் பயணத்துக்கு இத்தனை நாள் முன்பு என்ற கெடுவோடு வருபவை. கெடு முடிந்தால், சீட் காலியாக இருந்தாலும் அந்த விலை கிடைக்காது. கடைசி நேரத்தில் வருபவர்கள் அவசரக்காரர்கள், கேட்ட விலையைக் கொடுப்பார்கள் என்பது கணக்கு.

சாதாரண நாட்களில் உள்நாட்டுப் பயணத்துக்கு 3 முதல் 6 வாரம் முன்பு போடுவது பொதுவாகக் கட்டுப்படியாகும். பொங்கல், தீபாவளி என்றால் காத்திருக்கவே வேண்டாம். தேதி உறுதியானதும் போட்டுடுங்க. வெள்ளி, ஞாயிறைவிட செவ்வாய், புதன்கிழமை பயணம் பெரும்பாலும் மலிவு. டிக்கெட் வாங்குற கிழமை அல்ல, பறக்குற கிழமைதான் முக்கியம்!