மூட்டைக்குப் பதின்மூன்று ரூபாய்

சென்ற வாரம் கல்லூரியில் படிக்கும் பேரன் விடுதிச் சாப்பாட்டைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டான். சிரித்துக்கொண்டேன். நான் அந்தச் சாப்பாட்டின் மறுபக்கத்திலிருந்து வந்தவன். என் தகப்பனார் காவிரிக்கரை ஊர் ஒன்றில் கல்லூரி விடுதிக்கு மெஸ் காண்டிராக்ட் எடுத்திருந்தார். 1964 ஜூனில் தொடங்கி மறு ஏப்ரல் வரை ஒப்பந்தம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கணக்கு நோட்டு எழுதுவது என் வேலை.

மாணவர்கள் 180 பேர். தலைக்கு மாதம் 42 ரூபாய், காலைப் பலகாரம், இரண்டு வேளைச் சாப்பாடு, காப்பி உட்பட. நாளொன்றுக்கு 252 ரூபாய் வரவு. பெரிய தொகையாகத்தான் தெரியும். பருப்பு, எண்ணெய், பால், காய்கறி, விறகு, பதினோரு பேர் சம்பளம் எல்லாம் போனால் ரூபாய்க்கு ஐந்து காசு மிஞ்சும் என்பார் அப்பா. அதாவது ஒரு நாளைக்குப் பன்னிரண்டரை ரூபாய் சுமார்.

அரிசி ஒரு நாளைக்கு ஒரு மூட்டை, 75 கிலோ. ஒப்பந்தம் போட்டபோது மூட்டை 52 ரூபாய். அது 65 ஆனால் எங்கள் லாபம் முழுவதும் போய்விடும். சோறு அளவில்லாதது, குறைத்துப் போட முடியாது.

அந்த ஆண்டை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். நாடெங்கும் அரிசிப் பஞ்சம். ஐப்பசியில் மூட்டை 65-ஐத் தாண்டியது, கார்த்திகையில் 71. அதைவிட மோசம், பழைய அரிசி கடையில் மறைந்துபோனது. புது அரிசி அண்டாவில் குழையும், பழையதைப் போல உபரி காணாது. பழைய அரிசியில் ஒரு மூட்டையில் முடிந்த பந்தி, புது அரிசியில் கடைசி இருபது பேருக்குப் போதாது. மறுபடி உலை வைக்க வேண்டும். விலையும் ஏறி, அளவும் ஏறியது. நோட்டில் எழுதும்போது எனக்கே கை நடுங்கும்.

கோதுமை கிடைத்தது, அமெரிக்கக் கோதுமை. இரவுக்குச் சப்பாத்தி போட்டுப் பார்த்தார். ஆளுக்கு நாலு வைத்தாலும் 720 சப்பாத்தி. எங்கள் சமையல்காரர்கள் அதுவரை பூரிக்கட்டையைப் பண்டிகைக்குத்தான் தொட்டவர்கள். பிற்பகல் மூன்று மணிக்கு உட்கார்ந்தால் எட்டு வரை இட்டார்கள். கூடுதலாக இரண்டு ஆள் கூலி, எண்ணெய். அரிசியில் மிச்சம் பிடித்ததை அது தின்றுவிட்டது. பையன்களோ சப்பாத்தி தின்றுவிட்டு, "சோறு எங்கே?" என்றார்கள்.

பிறகு எல்லா மெஸ்காரர்களும் செய்வதை அப்பாவும் செய்தார். ரசம் தெளிந்தது, மோர் நீர்த்தது, பொரியல் வாரத்தில் மூன்று நாள் பூசணிக்காய் ஆனது. இதை நான் நியாயப்படுத்தவில்லை. ஒரு மெஸ் நஷ்டத்தில் ஓடுகிறதா என்று அறிய சோற்றைப் பார்க்க வேண்டாம், மோரைப் பார்த்தால் போதும்.

விலையைத் திருத்தித் தரும்படி விடுதி நிர்வாகத்திடம் இருமுறை மனுக் கொடுத்தார். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்று சொல்லிவிட்டார்கள். நடுவில் விட்டுப்போனால் கட்டிய 500 ரூபாய் முன்பணம் போய்விடும். அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி தைக்கு முன்பே மளிகைக் கடன் அடைக்கப் போயிற்று.

1965 ஜனவரி கடைசியில் இந்தி எதிர்ப்புப் போராட்டம். கல்லூரிகளை அரசு மூடியது, பையன்கள் பெட்டியோடு ஊருக்குப் போனார்கள். சாப்பிட்ட நாளுக்குத்தான் பணம். ஆனால் பதினோரு பேருக்குச் சம்பளம் கொடுக்காமல் விட்டால் கல்லூரி திறக்கும்போது ஆள் இருக்காது. அப்பா பாதிச் சம்பளம் கொடுத்தார். இரண்டு பேர் போய்விட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஏப்ரலில் ஒப்பந்தம் முடிந்ததும் அவர் புதுப்பிக்கவில்லை. வேறு யாரும் அந்த விலைக்கு வரவுமில்லை. புது ஆண்டில் நிர்வாகம் 'டிவைடிங் சிஸ்டம்' கொண்டுவந்தது. மாதச் செலவு மொத்தத்தையும் கூட்டி, எல்லோரும் சாப்பிட்ட நாள்களின் எண்ணிக்கையால் வகுத்து, அவரவர் நாளுக்கேற்ப பில். மாணவர் பிரதிநிதி இருவர் தினமும் சரக்கு அறையில் நின்று அளந்து கொடுக்க வேண்டும். காண்டிராக்டரின் லாபம் மிச்சமாகும் என்று எல்லோருக்கும் மகிழ்ச்சி.

முதல் மாத பில் 53 ரூபாய் வந்தது. அரிசி விலை இப்போது காண்டிராக்டர் தலையில் இல்லை, பையன்களின் தகப்பன்மார் தலையில். மோர் தண்ணீராக இருக்கிறது என்று எங்கள் வாசலில் வந்து கத்திய ஒரு பிரதிநிதி, ஒரு நாள் கடைத்தெருவில் அப்பாவைப் பார்த்து, "ஐயா, 42 ரூபாய்க்கு எப்படிப் போட்டீர்கள்?" என்று கேட்டார்.

அப்பா அவரைப் பக்கத்துக் கடைக்கு அழைத்துப் போய்க் காப்பி வாங்கிக் கொடுத்தார். அந்த இரண்டு காப்பிக் காசையும் நான் நோட்டில் எழுதினேன்.